தீமிதித் திருவிழா அழைப்பு – அருள்மிகு திரௌபதி அம்மன் திருக்கோயில், புங்கந்தோப்பு கிராமம், கடலூர் வட்டம்

திரௌபதி அம்மன் துணை

அன்புடையீர்,

நிகழும் பராபவ வருடம் வைகாசி மாதம் 6-ஆம் தேதி (20.05.2026) புதன்கிழமை கொடியேற்றத்துடன் நம் அம்மனுக்குத் திருவிழா தொடங்குகிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களும் குடும்பத்தோடு வந்து சேர வேண்டும் என்று ஊரார் சார்பில் கேட்டுக்கொள்கிறோம்.

மாலை நிகழ்ச்சிகள்

20.05.2026 புதன், மாலை 6.00: கொடியேற்றம், காப்புக் கட்டுதல். தீ மிதிப்பவர்கள் அனைவரும் அன்றே காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும்.

21.05.2026 வியாழன், மாலை 6.30: பகாசுரன் வதம். பீமன் வண்டி தெருத்தெருவாக வரும். வீட்டுக்கு ஒரு படி சோறாவது போட்டு அனுப்புங்கள்.

22.05.2026 வெள்ளி, மாலை 6.30: திருவிளக்கு பூஜை. விளக்கு மட்டும் கொண்டு வந்தால் போதும். எண்ணெய், திரி, பூ கோயிலில் தரப்படும்.

23.05.2026 சனி, இரவு 10.00: தெருக்கூத்து – வில் வளைப்பு.

24.05.2026 ஞாயிறு, மாலை 6.30: அம்மன் திருக்கல்யாணம். இராகு காலம் 6 மணிக்கு முடிவதால் அதன் பிறகே மாலை மாற்றுதல். அப்புறம் எல்லோருக்கும் கல்யாண விருந்து.

25.05.2026 திங்கள், இரவு 7.00: ராஜசூய யாகம், அம்மன் வீதியுலா.

26.05.2026 செவ்வாய், இரவு 10.00: தெருக்கூத்து – பகடை துயில்.

27.05.2026 புதன், மாலை 5.00: அர்ச்சுனன் தபசு. தபசு மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசப்படும். குழந்தை வரம் வேண்டி மடியேந்தும் பெண்களுக்கு மரத்தடியில் இடம் விடுங்கள். இளைஞர்கள் முண்டியடிக்க வேண்டாம். இரவு 10.00: கூத்து – கிருஷ்ணன் தூது.

28.05.2026 வியாழன், மாலை 6.00: அரவான் களபலி. இரவு 10.00: கூத்து – பதினெட்டாம் போர்.

29.05.2026 வெள்ளி, மாலை 6.30: தீமிதி. அன்று காலை 9.00 மணிக்குப் படுகளம். துரியோதனன் மண்ணுருவம் முன் அம்மன் கூந்தல் முடித்த பிறகுதான் குண்டத்துக்கு நெருப்பு வைக்கப்படும்.

30.05.2026 சனி, இரவு 7.00: தருமர் பட்டாபிஷேகம், மஞ்சள் நீராட்டு, கொடியிறக்கம்.

21-ஆம் தேதி முதல் 28-ஆம் தேதி வரை தினமும் பிற்பகல் 3.00 மணிக்குக் கோயில் பந்தலில் பாரதச் சொற்பொழிவு உண்டு. கதை கேட்டுவிட்டுக் கூத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

கூத்துக்குப் போட்டிருக்கும் தேதி, கூத்து ஆரம்பிக்கும் இரவின் தேதி. விடிய விடிய நடந்து மறுநாள் காலையில் முடியும். வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைக் கவனித்துக் கிளம்பவும்.

தீ மிதிப்பவர்கள் மஞ்சள் ஆடையில், விரதத்தோடு, வெள்ளி மாலை 5.00 மணிக்கே வந்துவிட வேண்டும். மது அருந்தியவர்களுக்குக் குண்டத்தருகே கண்டிப்பாக அனுமதி இல்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதாக யாராவது வேண்டியிருந்தால், கோயிலைச் சுற்றி வந்து அந்த வேண்டுதலைச் செலுத்துங்கள், அம்மன் ஏற்றுக்கொள்வாள். வண்டிகளைக் களத்துமேட்டில் நிறுத்தவும். தேர் வரும் தெற்குத் தெருவில் எதையும் நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர், கிராமப் பொதுமக்கள்
புங்கந்தோப்பு