இரவுக் கணக்கு முடிக்கும் முறை: திருமலை வீதிக் கடை

மட்டக்களப்பு திருமலை வீதிக் கடையின் மூன்று கவுண்டர்களுக்கும் இது பொருந்தும். காசாளர்கள், மேற்பார்வையாளர், முகாமையாளர் மூவரும் வாசிக்க வேண்டும். பழைய ஒரு பக்கத் தாளைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு இதை ஒட்டுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். காசு குறைந்தால் யாருடைய சம்பளத்திலும் வெட்டமாட்டோம். வெட்டத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பது கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். கூடின நாளில் நூறு ரூபாயை ஒதுக்கி வைத்து, குறைந்த நாளில் அதைப் போட்டு நிரப்புவார்கள். கணக்கு எப்போதும் சரியாக இருக்கும், பிழை எங்கே நடக்கிறது என்பது மட்டும் ஒருநாளும் வெளியே வராது. ஆகவே சொந்தக் காசைப் போட்டு நிரப்புவதும், கூடின காசை ஒதுக்கி வைப்பதும்தான் இங்கே குற்றம். குறைவது குற்றமல்ல. கூடினாலும் அது பிழைதான், யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு மீதிக் காசு சரியாகப் போகவில்லை என்று அர்த்தம்.

கடை மூடுவதற்கு முன்

இரவு 8.00 மணிக்குக் கதவை இறக்குவோம். 7.45க்கு மூன்றாம் கவுண்டரை மூடி, வரிசையில் நிற்பவர்களை மற்ற இரண்டுக்கும் அனுப்புங்கள். ஒரே நேரத்தில் மூன்று லாச்சியையும் எண்ணத் தொடங்கினால் மேற்பார்வையாளர் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது.

பகலில் கல்லாவில் காசு சேர்ந்தால் இரவுவரை வைத்திருக்க வேண்டாம். மதியம் 1.00 மணிக்கும் மாலை 5.00 மணிக்கும் மேற்பார்வையாளர் பெரிய தாள்களை எடுத்துப் பெட்டகத்தில் வைப்பார். எடுக்கும்போது இருவரும் எண்ணி, எடுப்புச் சீட்டில் இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்தில்லாத சீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டோம். பெருநாள், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு வாரங்களில் இரண்டு தடவை போதாது. 5,000 ரூபாத் தாள்கள் இருபது சேர்ந்தவுடன் கூப்பிடுங்கள்.

எண்ணுவது

கதவு பூட்டியபின், பின்னறை மேசையில் எண்ணுங்கள். கவுண்டரிலேயே எண்ண வேண்டாம், தெருவிலிருந்து பார்த்தால் அப்படியே தெரிகிறது. லாச்சியைக் காசாளர்தான் கொண்டுவர வேண்டும், மேற்பார்வையாளர் கூடவே வர வேண்டும். எண்ணுபவர் காசாளர், பார்த்துக்கொண்டு நிற்பவர் மேற்பார்வையாளர். எண்ணி முடித்துத் தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கும்வரை, அன்றைய விற்பனை மொத்தத்தைக் காட்டும் இசட் அறிக்கையை அடிக்கக் கூடாது. அதை அடிக்கும் கடவுச்சொல் மேற்பார்வையாளரிடம் மட்டுமே இருக்கும். எவ்வளவு வரவேண்டும் என்று முன்பே தெரிந்தால் கை தானாக அந்தத் தொகைக்கே எண்ணும். நல்ல மனிதர்களுக்கும் அப்படித்தான், அது மனித இயல்பு.

தாள்களை ஒரே முகமாகத் திருப்பி அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதாக எண்ணுங்கள்: 5,000, 1,000, 500, 100, 50, 20. மத்திய வங்கியின் 75 ஆவது ஆண்டு நிறைவுக்கு 2025இல் வந்த 2,000 ரூபாத் தாளுக்கும் படிவத்தில் தனி வரி சேர்த்திருக்கிறோம். அது வந்தால் 1,000 கட்டுக்குள் நுழைத்துவிடாதீர்கள். நூறு தாள் சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டின் மேல் வைக்கும் காகிதப் பட்டியில் எண்ணியவர் பெயர், திகதி, தொகை மூன்றும் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டையும் இரண்டு முறை எண்ணுங்கள், இரண்டாம் முறை மறு முனையிலிருந்து. ஏரிஎம்மிலிருந்து வந்த புதுத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாரி காலத்தில் இது இன்னும் மோசம். மார்கழியில் மீன் வியாபாரிகள் தரும் நூறு ரூபாத் தாள்கள் ஈரத்தோடு இரண்டு மூன்றாய் ஒட்டி வரும், எண்ணும் இயந்திரம் அவற்றை ஒன்றாகவே எண்ணிவிடும். அவற்றைத் தனியே எடுத்து மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் பரப்பி வைத்து, பிறகு கையால் எண்ணுங்கள். வாடை போகாது, எண்ணிக்கை சரியாக வரும்.

கிழிந்த, பொத்தல் விழுந்த தாள்களைத் தனிக் கடித உறையில் போட்டு, தொகையையும் எழுதுங்கள். போலித்தாள் என்று சந்தேகம் வந்தால் ஊடுபார்க்கும் நீர்க்குறி, பாதுகாப்பு நூல், மேலெழுந்த அச்சு ஆகிய மூன்றையும் பாருங்கள். அதை மறுபடி யாருக்கும் மீதியாகக் கொடுக்கக் கூடாது. முகாமையாளரிடம் கொடுங்கள், அவர் வங்கியில் காட்டுவார்.

கல்லாவில் விடும் தொகை

காலையில் ஒவ்வொரு கவுண்டரும் 10,000 ரூபாவுடன் திறக்கும்: 500 இரண்டு, 100 நாற்பது, 50 நாற்பது, 20 நூறு. குத்திகளில் 10 அறுபது, 5 அறுபது, 2 முப்பது, 1 நாற்பது. இரவிலேயே இதைப் பிரித்துப் பையில் போட்டு முத்திரையிடுங்கள். உள்ள சில்லறை போதாவிட்டால் பெரிய சில்லறைப் பெட்டியில் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ரூபாவுக்கு ரூபா மாற்றுங்கள், கடனாக எடுக்க வேண்டாம்.

சில்லறை இல்லையென்று டொபி கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். ஐந்து ரூபாக் குத்திக்குப் பதிலாக டொபி போனால் இரவில் கல்லாவில் ஐந்து ரூபா கூடும், டொபிப் போத்தலில் இருப்புக் குறையும். இரண்டு கணக்கும் பிழைக்கும். வாடிக்கையாளரும் சந்தோஷப்படுவதில்லை.

இருக்க வேண்டிய தொகை

எண்ணிய தாளில் கையெழுத்தான பிறகு மேற்பார்வையாளர் இசட் அறிக்கையை அடித்து, கீழே உள்ளபடி பார்ப்பார். இது இரண்டாம் கவுண்டரின் ஒருநாள் கணக்கு, பார்த்துப் பழகுங்கள்.

காலைத் தொகை 10,000. காசு விற்பனை 148,735. கடன் கொப்பியில் வந்த வரவு 6,500. கூட்டினால் 165,235. இதிலிருந்து சீட்டுச் செலவு 1,850, பொருள் திருப்பியதற்குக் கொடுத்தது 920, பெட்டகத்துக்கு எடுத்தது 90,000 (மதியம் 40,000, மாலை 50,000) கழிய, இருக்க வேண்டியது 72,465. எண்ணியது 72,015. வித்தியாசம் 450 ரூபா குறைவு.

இந்த 450ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், மீதியின்றி 50 வரும். ஒன்பதால் மீதியின்றி வகுபடும் வித்தியாசம் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியதைக் காட்டும். சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் ஏற்றி இறக்கிய கூலி 1,000, தேநீர் வடை 360, பில் ரோல் 940. இயந்திரத்தில் அடித்திருந்ததோ 490. செலவு 1,850 அல்ல, 2,300. இருக்க வேண்டியதும் 72,015 ஆகிவிடும். கல்லாவில் ஒரு சதமும் குறையவில்லை, அடித்ததில்தான் பிழை. மீண்டும் எண்ணத் தொடங்குவதற்கு முன் சீட்டைப் பாருங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

வித்தியாசம் வந்தால்

50 ரூபாவரை: கூடினாலும் குறைந்தாலும் எழுதிவிட்டு முடித்துவிடுங்கள், தேட வேண்டாம்.

51 முதல் 500வரை: பதினைந்து நிமிடம் தேடுங்கள், மீண்டும் எண்ணுங்கள், மேற்பார்வையாளர் கையெழுத்து வைப்பார்.

500க்கு மேல்: வேறு ஒருவர் முழுவதையும் எண்ணுவார், அன்றிரவே முகாமையாளருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

தேடும் ஒழுங்கும் முக்கியம். முதலில் சீட்டுகள், பிறகு எடுப்புச் சீட்டுகள், அப்புறம் ரத்துச் செய்த பில்கள். அதற்கும் பிறகுதான் ஆள். வித்தியாசத்தின் அளவே பல நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக 4,000 குறைந்தால் ஆயிரம் ரூபாத் தாளை வாங்கி ஐயாயிரத்துக்கு மீதி கொடுத்திருக்க வாய்ப்புண்டு. மாலை நேரக் கூட்டத்தில் இது நடக்கும், அதனால்தான் வாங்கிய தாளை மீதி எண்ணிக் கொடுக்கும்வரை லாச்சிக்கு மேலே வைத்திருக்கச் சொல்கிறோம். 400 கூடினால், நூறு ரூபாத் தாள்கள் நான்கு மீதியில் போகாமல் தங்கியிருக்கலாம். ஒரு பில்லின் முழுத் தொகையும் காசில் குறைந்து, அதே தொகை அட்டையில் கூடியிருந்தால் பணம் எங்கும் போகவில்லை, காசு என்ற விசையை அழுத்திவிட்டு அட்டையை உரசியிருக்கிறார்கள்.

அட்டை இயந்திரத்தின் நாள் முடிவை இரவிலேயே அடிக்க வேண்டும், அதன் மொத்தம் அறிக்கையின் அட்டை வரியோடு பொருந்த வேண்டும். லங்கா கியூஆர் கொடுப்பனவுகளைக் கடைத் தொலைபேசிக்கு வரும் செய்தியோடு மட்டும் ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷொட் ஆதாரமாகாது, நேற்றையதை இன்றும் காட்டலாம். இணையம் அறுந்து நாள் முடிவு வராவிட்டால் சீட்டுகளைக் கட்டி வைத்து, காலையில் முதல் வேலையாக அடியுங்கள். கரண்ட் போன நேரத்தில் கையால் எழுதிய பில்கள் எத்தனை, கடைசி இலக்கம் என்ன என்று தாளில் குறிக்க வேண்டும். இலக்கம் விட்டுப்போயிருந்தால் அதுவே ஒரு வித்தியாசம்தான்.

ஒரே காசாளருக்கு ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை 500க்கு மேல் ஒரே பக்கமாகப் போனால் முகாமையாளர் அவரோடு தனியே இருந்து பேசுவார். முதலில் கண்ணாடி தேவையா, கவுண்டரில் வெளிச்சம் போதுமா, இடையில் யாராவது லாச்சியைத் தொடுகிறார்களா என்று பார்ப்பார். தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ எழுந்து போகும்போது கவுண்டரைப் பூட்டி, திறப்பையும் கையோடு கொண்டு போங்கள். இன்னொருவர் உங்கள் பெயரில் பில் அடிக்கவே கூடாது. அடித்திருந்தால் அந்த நாளின் வித்தியாசத்தை யார் பக்கம் எழுதுவது என்று எவராலும் சொல்ல முடியாது.

பூட்டுவது

காசுப் பையை இருவரும் சேர்ந்து முத்திரையிட்டு, முத்திரை இலக்கத்தைக் கொப்பியில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். பெட்டகத் திறப்பு மேற்பார்வையாளரிடம், இலக்கக் குறி முகாமையாளரிடம். இரண்டும் ஒரே ஆளிடம் ஒருபோதும் இருக்கக் கூடாது. வெறும் லாச்சியைக் கவுண்டரில் திறந்தபடி விட்டுப் போங்கள், உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து எவருக்கும் தெரியட்டும்.

மறுநாள் காலை 9.30க்கு இருவர் வங்கிக்குப் போவார்கள், ஒவ்வொரு நாளும் ஒரே வழியால் போக வேண்டாம். போயா தினத்திலும் சனி ஞாயிறிலும் பைகள் பெட்டகத்திலேயே இருக்கும், அவற்றைப் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு நாளின் பையும் தனித்தனியாகவே வைப்பில் போக வேண்டும்.

மேற்பார்வையாளர் விடுமுறையில் இருந்தால் அவருடைய இடத்தில் இரண்டாம் கவுண்டர் மூத்த காசாளர் நிற்பார். அன்று அவருடைய லாச்சியை முதலாம் கவுண்டர் காசாளர் எண்ணுவார். தன் லாச்சிக்குத் தானே சாட்சிக் கையெழுத்து வைத்த தாளை முகாமையாளர் ஏற்கமாட்டார்.