பணி நியமனக் கடிதத்தில் உள்ள பதவியும் தரமும் குறித்து விளக்கம் கோருதல்

பெஸ்தாரி ஜெயா,
சிலாங்கூர்.
14 ஜூலை 2025

பெறுநர்: மனிதவளப் பிரிவு மேலாளர், தலைமை அலுவலகம், கிள்ளான்
நகல்: தோட்ட நிர்வாகி

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் செம்பனைத் தோட்டத்தில் பணியாற்ற என்னைத் தேர்ந்தெடுத்து, ஜூலை 7ஆம் தேதியிட்ட நியமனக் கடிதத்தை அனுப்பியமைக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தத் தோட்டத்தில் சேர வேண்டும் என்ற விருப்பம் எனக்கு உண்மையாகவே உண்டு. அதனால்தான், கையொப்பமிடுவதற்கு முன் தெளிவுபெற வேண்டிய ஒன்றைத் தயக்கமின்றி எழுதுகிறேன்.

ஜூன் 24ஆம் தேதி நடந்த நேர்காணலில், காலியாக இருப்பது உதவி நிர்வாகி பதவி என்றும், அது நிர்வாகத் தரத்தில் முதல் படி என்றும் தோட்ட நிர்வாகி அவர்கள் விளக்கினார். இரண்டு டிவிஷன்களின் அறுவடை, அடுத்த ஆண்டு தொடங்கவிருக்கும் மறுநடவு, எம்.எஸ்.பி.ஓ. தணிக்கைக்கான ஆவணங்கள், குத்தகையாளர்களின் பட்டியல்களைச் சரிபார்த்தல் ஆகியவை என் பொறுப்பில் இருக்கும் என்றும், நான் நேரடியாக அவரிடமே அறிக்கை தருவேன் என்றும் கூறினார். மறுநாள் அவருக்கு எழுதிய நன்றி மடலில் இவை அனைத்தையும் சுருக்கமாகக் குறிப்பிட்டு, "உதவி நிர்வாகி பதவி" என்றே எழுதியிருந்தேன். அவருடைய பதிலில் அது திருத்தப்படவில்லை.

ஆனால் நியமனக் கடிதத்தில் என் பதவி "மூத்த கண்டக்டர்" என்றும், தரம் ஊழியர் தரத்தின் மூன்றாம் படி என்றும் உள்ளன. மாத ஊதியம் நேர்காணலில் பேசிய 4,200 ரிங்கிட்டாகவே இருக்கிறது. அந்த வாக்கைக் காத்தமைக்கு நன்றி கூறுகிறேன். கடிதத்துடன் இணைத்துள்ள பணிப் பட்டியலும் நிர்வாகி அவர்கள் சொன்னபடியே எதுவும் குறையாமல் இருக்கிறது. பணி உதவி நிர்வாகியுடையதாகவும், பதவியும் தரமும் கண்டக்டருடையவையாகவும் இருப்பதே என் ஐயத்துக்குக் காரணம். கடிதம் தயாரிக்கும்போது பழைய படிவம் ஒன்று பயன்பட்டிருக்கலாம், அல்லது நேர்காணலுக்குப் பிறகு பணியிட அமைப்பில் மாற்றம் நேர்ந்திருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்று அறிந்தால் மேற்கொண்டு பேசுவது எளிதாக இருக்கும்.

கண்டக்டர் பதவியை நான் தாழ்வாக எண்ணுபவன் அல்லன். விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்று, ஆள் எண்ணி, வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் பணியில்தான் ஏழு ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் பெருமையும் கொள்கிறேன். ஆனால் இப்போதைய தோட்டத்திலும் நான் மூத்த கண்டக்டரே. தோட்ட அதிகாரிகளுக்கான ஐ.எஸ்.பி. தேர்வுகளை வேலைக்கிடையே எழுதி முடித்ததும், வேறு தோட்டத்துக்கு விண்ணப்பித்ததும், நிர்வாகப் பொறுப்பை முழுமையாக ஏற்க வேண்டும் என்பதற்காகத்தான். அதே பெயரில், அதே தரத்தில் இடம் மாறினால், பின்னாளில் என் பணிக்குறிப்பைப் பார்ப்பவருக்கு இந்த ஆண்டுகளில் நான் ஒரு படியும் ஏறவில்லை என்றே தெரியும்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது கையெழுத்து அதிகாரத்தை. இணைப்பிலுள்ள நிதி விதிகளின்படி, குத்தகையாளர் பட்டியலையும் செக்ரோலையும் நிர்வாகத் தரத்தில் உள்ளவரே ஒப்புதலிட்டு அனுப்ப முடியும். என் பணிப் பட்டியலோ அவ்விரண்டையும் என் பொறுப்பாகக் குறிப்பிடுகிறது. இந்த முரண் களத்தில் எப்படி வெளிப்படும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். உதவி நிர்வாகி விடுப்பில் இருந்த ஒரு மழைக்காலத்தில், கூடுதல் டிராக்டர் நடை ஓட்டும்படி குத்தகையாளரைக் கேட்டேன். சின்ன துரை கையெழுத்து இல்லாமல் அந்த நடைக்குப் பணம் வராது என்று அவர் வண்டியை எடுக்க மறுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் தவறு இல்லை. முந்தைய மாதம் நான் கையெழுத்திட்ட பட்டியல் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. வெட்டிய குலைகள் மேடையிலேயே இரண்டு இரவுகள் கிடந்தன. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேராத குலையில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று அங்கே வேலை தெரிந்த ஆட்களுக்குக் குறைவில்லை; ஒப்புதல் அளிக்க உரிமையுள்ள ஒருவர்தான் இல்லை. இரண்டு டிவிஷன்களையும் மறுநடவையும் என்னிடம் ஒப்படைக்கும் தங்கள் நிறுவனத்துக்கு அத்தகைய இழப்பு நேரக்கூடாது என்ற அக்கறையோடுதான் இதைச் சொல்கிறேன்.

இணைப்பின் 9ஆம் பத்தியையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஊழியர் தரத்தில் சேர்பவர் மூன்று ஆண்டுகள் நிறைவு செய்த பின்னரே நிர்வாகத் தரத்துக்குப் பரிசீலிக்கப்படுவார் என்று அது கூறுகிறது. எனவே, இப்போது இப்படியே சேர்ந்தால், நேர்காணலில் எனக்குச் சொல்லப்பட்ட பதவிக்கு 2028ஆம் ஆண்டுக்கு முன் என்னால் விண்ணப்பிக்கவும் முடியாது.

ஆகவே, பதவியை "உதவி நிர்வாகி" என்றும், தரத்தை நிர்வாகத் தரத்தின் முதல் படி என்றும் திருத்திய நியமனக் கடிதத்தை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊதியத்தை உயர்த்தும்படி நான் கேட்கவில்லை. பணியிட ஒதுக்கீடு காரணமாக உடனே அவ்வாறு செய்ய இயலாவிட்டால், பொறுப்பு உதவி நிர்வாகியாக என்னை நியமித்து, ஆறு மாதத் தகுதிகாண் காலம் திருப்திகரமாக முடிந்ததும் பதவியும் தரமும் உறுதிசெய்யப்படும் என்றும், 9ஆம் பத்தி எனக்குப் பொருந்தாது என்றும், இடைப்பட்ட காலத்தில் எனக்குக் கையெழுத்து அதிகாரம் உண்டு என்றும் கடிதத்திலேயே குறிப்பிட்டால், அதையும் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்வேன். வாய்மொழி உறுதி ஒன்றே போதும் என்று நினைக்க என்னால் இயலவில்லை. நிர்வாகி அவர்கள் மீது எனக்கு ஐயம் உண்டு என்று தயவுசெய்து பொருள்கொள்ள வேண்டாம். நாளை அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்டால், அவரிடத்துக்கு வருபவரிடம் காட்ட என் கையில் இருப்பது இந்தக் கடிதம் மட்டுமே.

உண்மையில் தேவைப்படுவது ஒரு கண்டக்டர்தான் என்று நிறுவனம் முடிவு செய்திருந்தால், அதையும் வெளிப்படையாகத் தெரிவியுங்கள். அந்த நிலையில் இந்த வாய்ப்பை நன்றியுடன் மறுக்க வேண்டியிருக்கும். தங்களால் வேறொருவரைக் காலத்தோடு தேடிக்கொள்ள முடியும்.

கால அளவு குறித்தும் சொல்ல வேண்டும். கடிதத்துக்கு ஜூலை 21ஆம் தேதிக்குள் பதிலளிக்கக் கேட்டிருக்கிறீர்கள். திருத்தங்களைத் தாங்கள் ஆராய வேண்டியிருப்பதால், அந்தக் கெடுவை ஜூலை 28 வரை நீட்டித்துத் தர வேண்டுகிறேன். இப்போதைய தோட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியுள்ளதால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படியும் என் ஒப்பந்தத்தின்படியும் எட்டு வார முன்னறிவிப்பு தர வேண்டும். தாங்கள் குறித்துள்ளபடி அக்டோபர் 1ஆம் தேதி பணியில் சேர, ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குள் நான் பணிவிலகல் கடிதம் கொடுத்தாக வேண்டும். குடும்பம் இப்போது தோட்டத்து வீட்டில் இருப்பதால், வேலையை விடும்போது வீட்டையும் விட வேண்டும். ஆகவே திருத்தப்பட்ட கடிதம் கைக்கு வந்த பின்னரே பணிவிலகல் கடிதத்தைக் கொடுக்க இயலும் என்பதைப் புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன்.

இது குறித்து நேரில் பேசுவது நல்லது என்று தாங்கள் கருதினால், வார நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகோ சனிக்கிழமை காலையிலோ கிள்ளான் அலுவலகத்துக்கு வருகிறேன். நியமனக் கடிதத்தின் படியையும், ஜூன் 25ஆம் தேதி நிர்வாகி அவர்களுக்கு அனுப்பிய மடலையும் அவரது பதிலையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. இளங்கோவன்