தரம் 10 கணிதம்: முதலாந் தவணையின் இறுதிப் புள்ளி கணிக்கப்படும் முறை

அன்புள்ள மாணவர்களே,

தவணை முடிவில் உங்கள் தேர்ச்சி அறிக்கையில் கணிதத்துக்கு எதிரே நான் எழுதப்போகும் புள்ளியும் தரமும் எப்படி வரும் என்பதை, முதல் பாடவேளையிலேயே எழுத்தில் தந்துவிட விரும்புகிறேன். நான் மாணவியாக இருந்த காலத்தில், ஒரு தவணை நான் கூட்டிப் பார்த்த புள்ளியிலும் ஆறு புள்ளி குறைவாக அறிக்கையில் இருந்தது. கேட்டபோது, வகுப்பில் பேசியதற்காகக் குறைக்கப்பட்டது என்றார்கள். பேசியது உண்மைதான், ஆனால் பேசினால் கணிதப் புள்ளி குறையும் என்று அதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதனால் இக்குறிப்பில் எழுதப்படாத எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் புள்ளி கூடவோ குறையவோ மாட்டாது.

இறுதிப் புள்ளி நூறுக்குக் கணிக்கப்படும். அதில் 60 புள்ளி தவணைப் பரீட்சைக்கும், 20 புள்ளி அலகுச் சோதனைகளுக்கும், 15 புள்ளி ஒப்படைகளுக்கும், 5 புள்ளி பயிற்சிக் கொப்பிக்கும் உரியவை. சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்:

```
இறுதிப் புள்ளி = 0.60 × ப + 0.20 × அ + 0.15 × ஒ + கொ
```

இதில் ப, அ, ஒ ஆகிய மூன்றும் நூற்றுவீதங்கள். கொ என்பது கொப்பிக்குக் கிடைக்கும் 0 முதல் 5 வரையான புள்ளி.

தவணைப் பரீட்சை சாதாரண தரப் பரீட்சையின் அமைப்பிலேயே இருக்கும். வினாத்தாள் 1 இரண்டு மணித்தியாலம், வினாத்தாள் 2 மூன்று மணித்தியாலம். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதே ப. ஒரு வினாத்தாளில் மட்டும் நன்றாகச் செய்து மற்றதைக் கைவிடுவது எவ்வளவு இழப்பு என்பதை இதிலிருந்தே கண்டுகொள்வீர்கள்.

அலகுச் சோதனைகள் நான்கு நடைபெறும். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. நான்கில் மிகக் குறைந்ததை நீக்கிவிட்டு, எஞ்சிய மூன்றின் மொத்தத்தை 75இற்கான நூற்றுவீதமாக மாற்றுவேன், அதுவே அ. எந்தப் பிள்ளைக்கும் தலைவலியோ வீட்டில் ஒரு கவலையோ உள்ள நாள் ஒன்று வரும் என்பதை அனுபவத்தில் கண்டிருப்பதால்தான் இந்த ஏற்பாடு. தகுந்த காரணத்தோடு சோதனைக்கு வராதவர், பெற்றோரின் கடிதத்தையோ மருத்துவச் சான்றிதழையோ தந்தால், பாடசாலைக்குத் திரும்பிய ஏழு பாடசாலை நாட்களுக்குள் வேறொரு வினாத்தாளில் அதே சோதனையை எழுதலாம். கடிதமின்றி வராதவருக்குப் பூச்சியம் இடப்படும். அந்தப் பூச்சியமும் நீக்கப்படும் ஒன்றாக அமையலாம். ஆனால் பார்த்தெழுதியதற்காக இடப்படும் பூச்சியம் ஒருபோதும் நீக்கப்படமாட்டாது.

ஒப்படைகள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி. மொத்தத்தை 40இற்கான நூற்றுவீதமாக்கினால் ஒ வரும். குறித்த நாளுக்குப் பின் பிந்தும் ஒவ்வொரு பாடசாலை நாளுக்கும் 2 புள்ளி குறையும். ஐந்து பாடசாலை நாட்களுக்குப் பிறகு தரப்படுவதற்குப் புள்ளியில்லை, ஆனாலும் திருத்தித் தருவேன். களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்தில் வெள்ளம் ஏறும் நாட்களில் அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தக் குறைப்பு பொருந்தாது. அதற்குக் கடிதமும் வேண்டாம், வந்த அன்று என்னிடம் சொன்னால் போதும். இருவருடைய ஒப்படை ஒரே மாதிரி இருந்தால், இருவரையும் தனித்தனியே அழைத்து ஒரு கணக்கைக் கரும்பலகையில் விளக்கச் சொல்வேன். விளக்கக் கூடியவரின் புள்ளி அவருக்கே இருக்கும். சேர்ந்திருந்து படிப்பதை நான் தடுக்கவில்லை. விளங்காமல் எழுதுவதைத்தான் தடுக்கிறேன்.

கொப்பியை ஐந்து முறை பார்ப்பேன். அன்றுவரை தந்த பயிற்சிகள் செய்யப்பட்டு, பிழைகள் திருத்தப்பட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் 1 புள்ளி. விடை பிழையாயிருந்தது என்பதற்காகவோ எழுத்து அழகில்லை என்பதற்காகவோ இப்புள்ளி குறையாது.

இனி, நீங்கள் ஊன்றி வாசிக்க வேண்டிய பகுதி. விடைக்கு மட்டுமன்றிப் படிமுறைக்கும் புள்ளியுண்டு. 7 சென்ரிமீற்றர் ஆரையும் 90 பாகை மையக்கோணமும் கொண்ட ஆரைச்சிறையொன்றின் சுற்றளவைக் கேட்டு 3 புள்ளி தருகிறேன் என வைத்துக்கொள்வோம். வில்லின் நீளத்துக்கான கோவையை எழுதினால் 1, அதைச் சுருக்கி 11 சென்ரிமீற்றர் எனப் பெற்றால் 1, இரண்டு ஆரைகளையும் கூட்டி 25 சென்ரிமீற்றர் என முடித்தால் 1. வருடந்தோறும் பலர் 11 உடன் நிறுத்திவிடுகிறார்கள். படிமுறை எழுதியிருந்தால் அவர்களுக்கு 2 புள்ளி உண்டு. வெறுமனே 11 என்று மட்டும் எழுதியிருந்தால், எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதபடியால் ஒன்றும் தர முடியாது.

முழுக் கணிப்பையும் ஓர் உதாரணத்தில் பாருங்கள். ஒரு மாணவி வினாத்தாள் 1இல் 64, வினாத்தாள் 2இல் 57 பெறுகிறாள், சராசரி 60.5, அதன் 0.60 மடங்கு 36.3. அலகுச் சோதனைகளில் 18, 11, 21, 20. பதினொன்றை நீக்கினால் 59, அது 75இல் 78.67 வீதம், அதன் 0.20 மடங்கு 15.73. ஒப்படைகளில் 16, 17. மொத்தம் 33, அது 40இல் 82.5 வீதம், அதன் 0.15 மடங்கு 12.375. கொப்பிக்கு 4. எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 68.41, அறிக்கையில் 68 என்றும் பீ என்றும் வரும். இவள் பரீட்சையில் மட்டும் பெற்ற 60.5க்கு சீ தரமே உரியது. தவணை முழுவதும் ஒழுங்காகச் செய்த வேலை அவளை ஒரு தரம் உயர்த்தியிருக்கிறது.

தர எல்லைகள் இவை: 75உம் அதற்கு மேலும் ஏ, 65 முதல் 74 வரை பீ, 50 முதல் 64 வரை சீ, 35 முதல் 49 வரை எஸ், அதற்குக் கீழ் டபிள்யூ. முழு எண்ணுக்கு மட்டந்தட்டுவது கடைசியில் ஒரே ஒரு முறைதான். 74.5 என்றால் 75 ஆகும், 74.4 என்றால் 74 ஆகும். அந்த எல்லையில் நிற்பவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், யாருடைய பிள்ளையாயினும் நான் கூட்டிப் போடமாட்டேன். ஒருவருக்குக் கூட்டினால் அவருக்கு அடுத்திருப்பவருக்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

வரவு, நடத்தை, ரியூஷன் வகுப்புக்குப் போவது, போகாதது ஆகிய எதுவும் இக்கணிப்பில் இல்லை. நடத்தை பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் உங்களிடமும் பெற்றோரிடமும் நேரில் சொல்வேன்.

விடைத்தாள் கைக்கு வந்த ஐந்து பாடசாலை நாட்களுக்குள், எந்த வினாவில் எந்தப் படிக்குப் புள்ளி விடுபட்டது என ஒரு தாளில் எழுதித் தந்தால் மீண்டும் பார்ப்பேன். பிழை என்னுடையதாயின் புள்ளி கூடும். கேட்டதற்காகப் புள்ளி ஒருபோதும் குறையாது. கூட்டலைச் சரிபார்ப்பதற்கு எழுத்தும் வேண்டாம், இடைவேளையில் வந்து காட்டுங்கள்.

இக்குறிப்பைக் கணிதக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டி, பெற்றோரின் கையொப்பத்தோடு வரும் வெள்ளிக்கிழமை கொண்டு வாருங்கள். தமிழ் வாசிக்க இயலாத பெற்றோர் இருந்தால் சொல்லுங்கள், சிங்களப் பிரதி ஒன்று வைத்திருக்கிறேன். முதலாவது அலகுச் சோதனை மூன்றாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை நடைபெறும். சுற்றளவு, வர்க்கமூலம், பின்னங்கள் ஆகிய மூன்று அலகுகளும் அதில் அடங்கும்.

இப்படிக்கு,
உங்கள் கணித ஆசிரியை