எளிய உணவும் ஓய்வும் வேண்டி விடுதிக் காப்பாளருக்குக் கடிதம்

திருநெல்வேலி,
ஆகஸ்ட் 12.

அனுப்புநர்:
ச. முத்துலட்சுமி,
இரண்டாம் ஆண்டு வேதியியல்,
அறை எண் 214, மகளிர் விடுதி.

பெறுநர்:
காப்பாளர் அவர்கள்,
மகளிர் விடுதி.

பொருள்: வயிற்றுத் தொற்று, பத்திய உணவும் அறையில் ஓய்வும் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று இரவு முதல் எனக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கின்றன. இன்று காலை அறைத்தோழியுடன் அரசு மருத்துவமனைக்குப் போய் வந்தேன். குடலில் தொற்று என்று சொல்லி மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மூன்று நாள் ஓய்வெடுக்கச் சொல்லிச் சீட்டிலும் எழுதியிருக்கிறார். அதன் நகலை இத்துடன் வைத்துள்ளேன்.

காரம், எண்ணெய், பால் மூன்றும் ஆகாது என்கிறார். மெஸ்ஸில் நாளைக்குப் பூரிக்கிழங்கு, மறுநாள் புளியோதரை. இரண்டும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தனியாகச் சமைக்கச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. எல்லோருக்கும் வடிக்கிற சாதத்திலேயே ஒரு கரண்டியை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, உப்புப் போட்ட கஞ்சியாகத் தந்தால் இரவுக்குப் போதும். பகலில் அதே குழைந்த சாதத்தில் மோர் ஊற்றித் தரலாம். காலையில் இட்லி இருந்தால் சட்னி, சாம்பார் இல்லாமல் இரண்டு கொடுக்கட்டும். சமையல் அக்காவிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அவ்வப்போது குடிக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் காலையும் மாலையும் ஒரு பாட்டில் கிடைத்தால் பெரிய உதவி.

அறைக்குச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்பது விடுதி விதி. ஆனாலும் இந்த நோய் மற்றவர்களுக்கும் தொற்றக்கூடியது. நான் மெஸ்ஸுக்கு வராமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. என் தட்டிலும் டம்ளரிலும் அறைத்தோழி வாங்கிவர அனுமதி தாருங்கள். வகுப்பு நேரத்தில் அறையிலேயே இருக்கவும், இரவு வருகைப் பதிவுக்குக் கீழே இறங்கி வராமல் இருக்கவும் அனுமதி வேண்டுகிறேன். மாடிப்படி ஏறினாலே தலை சுற்றுகிறது.

அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். சங்கரன்கோவிலுக்கு வந்துவிடு என்றார்கள். இந்த நிலையில் பஸ்ஸில் போவது முடியாத காரியம் என்பதால் இங்கேயே இருக்கிறேன். தாங்களும் ஒருமுறை அவர்களிடம் பேசினால் நிம்மதி அடைவார்கள். காய்ச்சல் கூடினாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ உடனே வரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அப்படி ஏதும் நேர்ந்தால், இரவானாலும் தங்களைத்தான் எழுப்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தளத்தில் வேறொரு மாணவிக்கும் இன்று வயிற்றுவலி. காரணம் எதுவென்று எனக்குத் தெரியாது. குடிநீர்த் தொட்டியை ஒருமுறை பார்க்கச் சொன்னால் நல்லது. குளியலறைக் குழாயடியில் சோப்பும் வைக்கச் சொல்லுங்கள், அம்மா.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி,
ச. முத்துலட்சுமி