கண்ணுக்கும் ஒரு டீ பிரேக்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவன அலுவலகப் பிரிவுக்கான கண் நல வீடியோ: பேச்சும் காட்சியும்
ஓடும் நேரம்: சுமார் 9 நிமிடம்
பேசுபவர்: கண் பரிசோதகர் (பெண்). உடன் ஒரு மெர்ச்சன்டைசர் இளைஞர், அக்கவுண்ட்ஸ் பிரிவு அக்கா ஒருவர்.

காட்சி 1. மெர்ச்சன்டைசிங் பிரிவு, மாலை. எக்செல் திறந்திருக்கிறது. இளைஞர் கண்ணைக் கசக்குகிறார்.

கண் பரிசோதகர்: தம்பி, கசக்காதீங்க. எரியுதா?

இளைஞர்: ஆமாங்க மேடம். மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது. காலைல நல்லாத்தான் இருந்துச்சு. பவர் ஏறிடுச்சோ என்னமோ.

கண் பரிசோதகர்: பவர் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு ஏறாதுங்க. நீங்க பையர் மெயிலுக்குப் பதில் அடிச்சுட்டு இருந்தப்ப உங்க முகத்த ஒரு நிமிசம் வீடியோ எடுத்தோம். வாங்க, பாப்போம்.

காட்சி: இளைஞரின் முகம், மிக அருகில். ஒவ்வொரு இமைப்புக்கும் மூலையில் எண் ஏறுகிறது. ஒரு நிமிட முடிவில் 6. அதில் இரண்டு இமைப்பில் மேல் இமை பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது; அந்த இடத்தை மெதுவாக ஓட்டிக் காட்டவும்.

கண் பரிசோதகர்: சும்மா பேசிட்டு இருக்கும்போது நிமிசத்துக்குப் பதினஞ்சு தடவ பக்கம் கண் இமைப்போம். ஸ்கிரீனப் பாத்தா அது பாதியாகும், சில பேருக்கு மூணுல ஒண்ணாகும். இவருக்கு ஆறு. அதுலயும் ரெண்டு அரைகுறை.

கண்ணு மேல கண்ணீர் ஒரு மெல்லிய படலமா நிக்குது. உள்ள சளி மாதிரி ஒரு பூச்சு, நடுவுல தண்ணி, மேல எண்ணெய். அந்த எண்ணெய் வர்றது இமை ஓரத்துல இருக்கிற சின்னச் சின்ன சுரப்பிலருந்து. இமை ரெண்டும் முழுசா மூடித் திறந்தாத்தான் எண்ணெய் நல்லா வெளிய வந்து பரவும். அது இல்லேன்னா தண்ணி சீக்கிரம் காஞ்சிடும், கண்ணு அங்கங்க வறண்டு போகும். உங்களுக்கு மண்ணு மாதிரி உறுத்துறது அந்த வறண்ட இடந்தான். மேல பாருங்க, ஏசி காத்து நேரா உங்க மூஞ்சிலயே அடிக்குது. அந்த ரெக்கையக் கொஞ்சம் சீலிங் பக்கம் திருப்பி விடச் சொல்லுங்க. பாதி தொந்தரவு அதுலயே தீரும்.

இப்ப வீடியோ பாக்குற எல்லாரும் என்கூடச் செய்யுங்க. கண்ண மெதுவா மூடுங்க. இறுக்க வேண்டாம், தூங்கப் போற மாதிரி மூடினாப் போதும். ஒண்ணு, ரெண்டு. தெறங்க. மறுபடி மூடுங்க. ஒண்ணு, ரெண்டு. தெறங்க.

திரையில்: 10 முறை. பேச்சு இல்லை, எண் மட்டும் ஓடட்டும்.

கண் பரிசோதகர்: நாலாவது அஞ்சாவது தடவைல லேசா ஈரம் ஊறுதில்லீங்களா? கண்ணுக்கு நீங்க போடக்கூடிய முதல் சொட்டு மருந்து அதுதான். மெயில் அனுப்புற பட்டன அழுத்தும்போதெல்லாம் இப்படி ஒரு முழு இமைப்பு. அலாரம் வச்சு நெனப்புல வச்சுக்கிறதவிட இது லேசு.

காட்சி 2. அலுவலக நடைபாதை. கேமரா தரை டைல்ஸ் மேல்.

கண் பரிசோதகர்: இருபது, இருபது, இருபதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. 20 நிமிசத்துக்கு ஒரு தடவ, 20 அடி தள்ளி இருக்கிறத, 20 நொடி பாக்கணும். எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்யிறதில்ல. ஏன்னா உக்காந்த எடத்துலருந்து 20 அடி எங்க இருக்குன்னே தெரியாது.

உங்க ஆபீஸ் டைல்ஸ் ரெண்டடிக்கு ரெண்டடி. பத்து டைல்ஸ் எண்ணுங்க, 20 அடி வந்துச்சு. தம்பி மேசைலருந்து எண்ணிட்டு வந்தா சாம்பிள் ரூம் கதவு. கேபின்ல இருக்கிறவங்களுக்கு உள்ள அந்த தூரம் கிடைக்காது. ஜன்னல் வழியா எதிர் பில்டிங் தண்ணித் தொட்டியப் பாருங்க. ஆளாளுக்கு ஒரு பொருளக் குறிச்சு வச்சுக்கங்க.

எதுக்கு அவ்வளவு தூரம்? கண்ணுக்குள்ள லென்ஸச் சுத்தி வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு. கிட்டத்துல பாக்கும்போது அது சுருங்கித்தான் லென்ஸ உருண்டையாக்கணும். கூடவே ரெண்டு கண்ணையும் மூக்குப் பக்கம் இழுத்துப் பிடிக்க வேற தசை. ரெண்டும் மணிக்கணக்கா விடாம வேலை பாக்குது. இருபதடிக்கு அந்தாண்ட பாத்தா ரெண்டுக்கும் கிட்டத்தட்ட முழு லீவு. பக்கத்து மேசைக்காரரப் பாத்தா அரை நாள் லீவுதான்.

இன்னொண்ணு. டீ டயத்துல எல்லாரும் எந்திரிச்சுப் போறீங்க, சரி. கீழ போய் என்ன பண்றீங்க? போன். மானிட்டராவது ரெண்டடி தள்ளி இருந்துச்சு, போனு ஒரு சாண் தூரத்துல. கண்ணுக்கு அது ஓவர்டைம்ங்க. டீ குடிக்கிற அஞ்சு நிமிசம் போன் பாக்கெட்டுலயே இருக்கட்டும்.

காட்சி 3. அக்கவுண்ட்ஸ் பிரிவு. அக்கா தாடையை உயர்த்தி, மூக்கு நுனி வழியாக மானிட்டரைப் பார்க்கிறார். பக்கவாட்டுக் கோணம்.

கண் பரிசோதகர்: அக்கா, அப்படியே இருங்க. அசையாதீங்க. எல்லாரும் இவங்க கழுத்தப் பாருங்க.

அக்கா: கழுத்து வலிக்குத் தைலம் தேச்சுட்டுத்தாங்க உக்காந்திருக்கேன். ஜிஎஸ்டி ஃபைல் பண்ற வாரம்னா தலைவலியும் சேந்துக்கும்.

கண் பரிசோதகர்: கண்ணாடி புரோகிரசிவ்ங்களா?

அக்கா: ஆமா. நாப்பத்திமூணு வயசுல போட்டது.

கண் பரிசோதகர்: நாப்பது வாக்குல லென்ஸ் இறுகி, கிட்டப் பாக்குறது எல்லாருக்கும் கஷ்டமாகும். அதுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது, கண்ணாடிதான். ஆனா இந்தக் கண்ணாடில மேல் பாகம் தூரத்துக்கு, அடிப்பாகம் படிக்க. மானிட்டர் நேரா முன்னாடி நிக்குது. எழுத்து தெரியணும்னா அடிப்பாகம் வழியாப் பாக்கணும், அதுக்குத் தாடையத் தூக்கணும். சாயங்காலம் வரைக்கும் தூக்கி வச்சிருந்தா கழுத்து என்னங்க பண்ணும்?

காட்சி: மானிட்டருக்கு அடியில் வைத்திருந்த இரண்டு பேப்பர் கட்டுகளை இளைஞர் எடுக்கிறார். மானிட்டர் இறங்குகிறது. அக்காவின் தாடையும் இறங்குகிறது.

கண் பரிசோதகர்: மானிட்டரோட மேல் விளிம்பு கண் மட்டத்துல, இல்லேன்னா கொஞ்சம் கீழ. புரோகிரசிவ் போட்டவங்களுக்கு இன்னும் கீழ. கொஞ்சம் கீழ் நோக்கிப் பாத்தா இமையும் கண்ண அதிகமா மூடும், காயிறது குறையும். அப்பவும் சரியா வரலேன்னா மானிட்டர் தூரத்துக்குன்னே தனிக் கண்ணாடி போட்டுக்கலாம். அதுக்குக் கண்ணுலருந்து ஸ்கிரீன் எவ்வளவுன்னு அளந்து எழுதிட்டு வரணும். இந்த ஊர்ல இன்ச் டேப்புக்கா பஞ்சம்!

காட்சி: அக்கா டேப் பிடிக்கிறார். 25 இன்ச்.

கண் பரிசோதகர்: 20லருந்து 28 இன்ச்சுக்குள்ள இருந்தா நல்லது. உங்களுது சரியா இருக்கு. எழுத்து சின்னதாத் தெரிஞ்சா மூஞ்சியக் கிட்டக் கொண்டு போகாதீங்க, எழுத்தப் பெருசு பண்ணுங்க. எக்செல்ல Ctrl அழுத்திட்டு மவுஸ் சக்கரத்த உருட்டுங்க, போதும்.

வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளப் பேப்பர மானிட்டர் பக்கத்துல பிடிங்க. ஸ்கிரீன் டியூப்லைட் மாதிரி எரிஞ்சா குறைங்க. பேப்பரவிட மங்கலா இருந்தா ஏத்துங்க. ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டுல வரணும்.

காட்சி 4. மீண்டும் இளைஞர். புதுக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்.

இளைஞர்: மேடம், இது ப்ளூ கட், நீல வெளிச்சத்தத் தடுக்குற கண்ணாடி. கடைல இதப் போட்டா ஸ்கிரீன் ஒண்ணும் பண்ணாதுன்னாங்க.

கண் பரிசோதகர்: 2023-ல காக்ரேன் ஆய்வுக் குழு 17 ஆய்வுகள ஒண்ணாச் சேத்து அலசினாங்க. சாதாக் கண்ணாடியவிட இதால கண் சோர்வு குறையுதுன்னு தெரியல. வாங்கிட்டீங்க, போட்டுக்கங்க, கெடுதல் இல்ல. ஆனா லேப் டிப் பாக்கும்போது கழட்டிடுங்க. லேசா மஞ்சள் ஏறின கண்ணாடி. வெள்ளைலயும் வெளிர் நீலத்துலயும் ஷேட் மாறித் தெரியும். கம்ப்யூட்டர்ல நைட் லைட் போட்டிருந்தாலும் இதே கததான். ஒரே கலர ரொம்ப நேரம் பாத்துட்டு அடுத்த ஷேடுக்குப் போகாதீங்க. நல்ல சிவப்ப அரை நிமிசம் பாத்துட்டு வெள்ளத் துணியப் பாருங்க, பச்சையா ஒரு நிழல் தெரியும். நடுவுல சாம்பல் கலர் எதையாவது கொஞ்சம் பாத்து கண்ண ஆத்திட்டு அப்புறம் ஓக்கே பண்ணுங்க.

காட்சி 5. மூன்று பேரும் நாற்காலியில். இந்தப் பகுதி நேரடியாகக் கூடவே செய்வதற்கு. அவசரப்படாமல் ஓட்டவும்.

கண் பரிசோதகர்: கட்டை விரல மூக்குக்கு முன்னாடி ஒரு சாண் தூரத்துல பிடிங்க. நகத்தோட விளிம்பு தெளிவாத் தெரியணும். அஞ்சு எண்ணுங்க. இப்ப நீங்க குறிச்சு வச்ச இருபதடிப் பொருள். அதோட ஓரம் தெளிவாகுற வரைக்கும் விடாதீங்க. அஞ்சு. மறுபடி நகம். தூரத்துக்குப் போகும்போது ஒரு நொடி மங்கலாகித் தெளியுதா? அந்தத் தசை பிடிப்ப விடுறது அப்படித்தான் தெரியும். அஞ்சு சுத்து போங்க.

அடுத்தது பேனா. கை நீட்டிப் பிடிச்சு, முனையப் பாத்துட்டே மெதுவா மூக்குப் பக்கம் கொண்டு வாங்க. ரெண்டாத் தெரிஞ்சா நிறுத்துங்க, பின்னாடி கொண்டு போங்க. அஞ்சு தடவ. மூக்குக்கு நாலு இன்ச் வரைக்குமாவது ஒண்ணாத் தெரியணும். அதுக்கு ரொம்ப முன்னாடியே ரெண்டாகுதுன்னா எங்கிட்ட வந்து காட்டுங்க, கண் சேர்றதுல குறை இருக்கலாம்.

அக்கா: கண்ண இப்படிச் சுத்திச் சுத்தி உருட்டுறது?

கண் பரிசோதகர்: செய்யலாம், தப்பில்ல. பெருசா பலனும் இல்ல. அந்த நேரத்துக்கு உள்ளங்கைய வச்சுக்கங்க. ரெண்டையும் தேச்சு, குழிச்சு, மூடின கண்ணு மேல கவுத்துங்க. விழி மேல அழுத்தம் படவே கூடாது. எலும்புல சாய்ஞ்சா போதும். அரை நிமிசம் சும்மா இருங்க.

திரை முழுக்கக் கறுப்பு. 30 நொடி. மெஷின் சத்தம் மட்டும் தூரத்தில்.

கண் பரிசோதகர்: இதெல்லாம் அலுப்புத் தீரத்தான். கண்ணாடியக் கழட்ட வைக்கிற பயிற்சின்னு யாராவது வீடியோ அனுப்பினா ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

காட்சி 6. கண் பரிசோதகர் நேராகக் கேமராவைப் பார்த்து. குரல் மாறுகிறது.

கண் பரிசோதகர்: மெடிக்கல்ல கேட்டு சொட்டு மருந்து வாங்கிப் போடுறது இங்க சகஜம். ஸ்டீராய்டு கலந்ததா இருந்தா ரெண்டு நாள்ல கண்ணு வெள்ளையாகும், சொகமா இருக்கும். மாசக்கணக்காப் போட்டா கண் அழுத்தம் ஏறி நரம்பு போயிடலாம். அந்த நரம்பு திரும்ப வராதுங்க. செவப்பு எடுக்குற சொட்டும் போடுறத நிறுத்தினதும் முன்னவிட அதிகமாச் செவக்க வைக்கும். வறட்சிக்குன்னு இருக்கிற செயற்கைக் கண்ணீர் வேற. அதையும் கண் டாக்டர்கிட்டக் கேட்டுட்டுப் போடுங்க.

திடீர்னு பார்வை மங்கினா, மின்னல் மாதிரி வெட்டினா, கரும்புள்ளி நெறைய பறந்தா, ஓரத்துல திரை விழுந்த மாதிரி மறைச்சா, செவந்து கடுமையா வலிச்சா, அது ஸ்கிரீன் சோர்வு இல்ல. ஷிப்மென்ட் கெடக்கட்டும், அன்னிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. சர்க்கரை இருக்கிறவங்க கண்ணு நல்லாத் தெரிஞ்சாலும் வருசத்துக்கு ஒரு தடவ விழித்திரை காட்டணும்.

வர்ற வெள்ளிக்கிழமை காலைல பத்துலருந்து ஒரு மணி வரைக்கும் மாடி மீட்டிங் ரூம்ல இருப்பேன். இப்பப் போடுற கண்ணாடி, பழைய கண்ணாடிச் சீட்டு, உங்க மானிட்டர் தூரம் எத்தன இன்ச்சுன்னு எழுதின துண்டுச் சீட்டு, மூணையும் எடுத்துட்டு வாங்க. காண்டாக்ட் லென்ஸ் போடுறவங்க அன்னிக்குக் கண்ணாடிலயே வாங்க. கண் பாப்பாவ விரிக்கிற மருந்து போட மாட்டோம், அதனால வண்டி ஓட்டிட்டு வரலாம். அக்கவுண்ட்ஸ்காரங்க முதல்ல வந்துடுங்க, மத்தியானம் உங்களுக்கு ஆடிட்டர் வர்றாராம்.