சூறாவளிக்காகக் காத்திருந்த டீச்சர்

மார்ச் மாதத்து ஞாயிறு இரவு அது. மொரீஷியஸில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், இரண்டாம் நிலைச் சூறாவளி எச்சரிக்கை வந்துவிட்டால் மறுநாள் பள்ளி இல்லை. அம்மா மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தார். நான் வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்து, வரட்டும், வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். புயல் திசை மாறிப் போயிற்று. தீவு முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. நான் மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தமிழ் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் ஆரம்பப் பள்ளியில் தமிழுக்கென்று அறை கிடையாது. மணி அடித்ததும் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, எங்கே இடம் காலியோ அங்கே போவேன். நூலகத்தின் மூலை, சில நாள் தாழ்வாரம். எழுத்து அட்டைகள், வண்ணப் பென்சில்கள், ஆறு கிரேடுகளின் நோட்டுகள் எல்லாம் ஒரே பையில். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்குக் கோவிலில் காதில் விழும் சத்தம், பாட்டி முணுமுணுக்கும் தேவாரம், அப்புறம் நம் ரூபாய் நோட்டில் அச்சாகியிருக்கும் எழுத்து. அந்த நோட்டை வைத்து நான் ஒரு பாடமே நடத்தியிருக்கிறேன். 1998இல் புது நோட்டுகளில் தமிழும் இந்தியும் இடம் மாறியபோது எழுந்த எதிர்ப்பில் அவற்றைத் திரும்பப் பெற்றார்கள் என்று சொன்னேன். பிள்ளைகள் கண்ணை விரித்தார்கள். சரி, அது நல்ல நாள்.

வேலையின் அளவு மட்டுமே என்னை நசுக்கவில்லை என்பது இப்போது புரிகிறது. தைப்பூசக் காவடியன்று கோவிலில் உறவுக்காரப் பெண்கள் சுற்றி நின்று, "நீதாம்மா இனி நம்ம தமிழைக் காப்பாத்தணும்" என்றார்கள். பெருமையாக இருந்தது. தோளில் சுமந்த காவடி அன்று மாலையே இறங்கிவிட்டது. இது இறங்கவில்லை. கிரேடு 3இல் ஒரு பையன் 'ழ'வை 'ல' என்று சொன்னால், பையன் ஒரு எழுத்தைத் தவறவிட்டான் என்று எனக்குப் படாது. முன்னோர் கரும்புக் காட்டுக்குக் கப்பலேறி வந்தது முதல் இன்று வரையான எல்லாமே என் கையில் அறுந்து போவதாகப் படும். இப்படி நினைத்துக்கொண்டு யாரால் பாடம் நடத்த முடியும்?

ஜூன் வாக்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். ஒருநாள் கிரேடு 2 சிறுமி ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், ஊ ஃபாத்திகே?" என்றாள். களைப்பா இருக்கீங்களா என்று அர்த்தம். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. ஏழு வயதுக் குழந்தை மேல் கோபம்! அன்றுதான் பயந்தேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை விவரித்தபோது அதில் மூன்று கூறுகளைச் சொன்னது: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புக் கொள்வது, செய்வது எதற்கும் பயனில்லை என்று தோன்றுவது. அதை நோயாக வகைப்படுத்தவில்லை. நாள்பட்ட பணியழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றுதான் சொன்னது. வாசித்தபோது என் ஜூன் மாத டயரியை யாரோ திருடிப் பார்த்த மாதிரி இருந்தது. முதல் கூறு மட்டும் என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும் என்று இருந்திருப்பேன். மற்ற இரண்டும் தூக்கத்தில் கரையவில்லை.

முதலில் எல்லாரும் செய்கிற முட்டாள்தனத்தை நானும் செய்தேன். காலை நாலரைக்கு எழுந்து யோகா, தியானம், பழச்சாறு. நான்கு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் யோகா செய்யவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் பையில் ஏறிக்கொண்டது. தூக்கம் சரியாகாததால் அரசு மருத்துவமனை டாக்டரைப் பார்த்தேன். இங்கே அதற்குக் காசு இல்லை, வரிசையில் நிற்கும் பொறுமைதான் தேவை. அவர் கேட்ட முதல் கேள்வி, மதியம் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்பது. நோட்டுத் திருத்திக்கொண்டே என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். இப்போது மதியம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். முதல் வாரம் பேச ஒன்றுமில்லாமல் விழித்தோம். பிறகு ருகாய் என்கிற தக்காளிக் குழம்பை எப்படிச் செய்வது என்று சண்டை போடக் கற்றுக்கொண்டோம். இது எனக்குத் தந்த தெம்பை எந்த யோகாவும் தரவில்லை.

காலையில் பேருந்திலிருந்து ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கிறேன், பத்து நிமிடம். வகுப்புகளுக்கு நடுவே ஒரு மடக்கு வெந்நீர். கத்துவதற்குப் பதில் மேசை மேல் சிறு மணி ஒன்று.

மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் முன்பெல்லாம் ஓடுவேன். அந்த நேரம் பேருந்தில் சீருடைப் பிள்ளைகள் நெரிசலில் நின்றுகொண்டே வீடு போய், நோட்டுக் கட்டைப் பார்த்ததும் தலை சுற்றும். இப்போது நாற்பது நிமிடம் பள்ளியிலேயே இருந்து திருத்துகிறேன். அடுத்த பேருந்தில் உட்கார இடமும் கிடைக்கிறது. முடியாத நோட்டுகள் அலமாரியில் தூங்கட்டும். செவ்வாய்க்கிழமை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவை மாலை ஆறு மணிக்கு மேல் திறப்பதில்லை. இதை முன்கூட்டியே எழுதிச் சொல்லிவிட்டேன். ஒரு அப்பா மட்டும் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

பாடத் திட்டத்திலும் வெட்டு விழுந்தது. கிரேடு 3க்கும் 4க்கும் ஒரே கதை, வேறு வேறு கேள்விகள். பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவர், "நான் இருபது வருஷமா அப்படித்தான்மா செய்றேன்" என்று சிரித்தார். இதை ஜனவரியிலேயே யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. புதியவர்களுக்கு நேர அட்டவணையைத் தருகிறார்கள். எதை விட்டுவிடலாம் என்று தருவதில்லை.

இதெல்லாம் எல்லா நாளும் நடப்பதில்லை. பரீட்சை வாரத்தில் பாதி உடைந்துபோகும். தமிழ் அறை இன்னும் கிடைக்கவில்லை. அதற்கு எத்தனை வெந்நீர் குடித்தாலும் பயனில்லை, மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழைக் காப்பாற்றும் பொறுப்பை மட்டும் கோவிலிலேயே அந்த அத்தைமார்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "வீட்டுல நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க அத்தை, மீதிய நான் பார்த்துக்கிறேன்" என்றேன். ஒருவர் கோபித்துக்கொண்டார். இன்னொருவர் அடுத்த வாரமே பேத்தியைக் கூட்டிவந்து, "வணக்கம் மிஸ்" சொல்ல வைத்தார்.

படுக்கும் முன் சின்ன நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுகிறேன், அன்று நடந்த ஏதாவது ஒன்று. நேற்றைய வரி: "கிரேடு 2, வாழைப்பழம் என்று சொல்லப் பார்த்து நாங்கள் நால்வரும் சிரித்ததில் மணி அடித்தது கேட்கவில்லை."