பொருள்: மீட்ட கணக்கில் அழிக்கப்பட்ட உரையாடல்களைத் திரும்பத் தரக் கோருதல்

கும்பகோணம்
28.07.2025

வாடிக்கையாளர் உதவிக் குழுவுக்கு,

வணக்கம். பறிபோன என் கணக்கை 19.07.2025 அன்று மீட்டுக் கொடுத்தீர்கள். செல்ஃபி வீடியோ அனுப்பிய இரண்டாம் நாளே வேலை முடிந்தது, அதற்கு நன்றி. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வீடு இருக்கிறது, சாமான் இல்லை. படங்களும் பின்தொடர்பவர்களும் அப்படியே இருக்கிறார்கள். ஏறக்குறைய அறுபது பேருடனான உரையாடல்களைக் காணோம். இதைச் சொல்லி எழுதியதற்கு, “கணக்கு மீட்கப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது” என்று தானாக ஒரு பதில் வந்தது. என் புகாரே அதற்கு அடுத்தபடியைப் பற்றியது. தயவுசெய்து மறுபடி திறந்து, ஒருவர் படித்துப் பாருங்கள்.

நடந்தது இது. ஜூலை 12, சனிக்கிழமை இரவு, தெரிந்த ஒரு தோழியின் கணக்கிலிருந்து “மகள் ஓவியப் போட்டியில் இருக்கிறாள், ஓட்டுப் போடுங்க” என்று ஒரு லிங்க் வந்தது. அழுத்தினேன், கேட்ட கோட் எண்ணையும் கொடுத்தேன். தவறு என்னுடையதுதான், மறைக்கவில்லை. 11.40-க்குப் புதிய சாதனத்தில் உள்நுழைவு என்று உங்கள் மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் பார்த்தது காலையில். அதற்குள் பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் மாறிவிட்டன. என் பெயரில், 5,000 போட்டால் ஒரு மணி நேரத்தில் 50,000 என்று ஸ்டோரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாடிக்கையாளர் நம்பிப் பணம் போட்டுவிட்டார். அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

நான் பிளவுஸ் தைத்து ஆரி வேலை செய்பவள். உள்ளூர்க்காரர்களின் அளவெல்லாம் நோட்டில் இருக்கிறது. சிங்கப்பூர், கனடா, துபாயில் இருப்பவர்கள் அளவு கொடுப்பதே இந்த உரையாடலில்தான். பழைய பிளவுஸைக் கட்டிலில் விரித்து, மேலே இஞ்ச் டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். “முன் கழுத்து 7, பின் கழுத்து 10, கை முட்டி வரைக்கும், போன தடவை அக்குள் பிடிச்சுது, அரை இஞ்ச் விடுங்கக்கா” என்று வாய்ஸில் சொல்வார்கள். அந்த அரை இஞ்ச் எந்த நோட்டிலும் இல்லை. யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்பதற்கும் அதில் வந்த ஸ்கிரீன்ஷாட்தான் கணக்கு. ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய 14 பிளவுஸுக்குத் துணி என்னிடம் இருக்கிறது, அளவு இல்லை.

மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். கேட்டுப் பார்த்தேன். ஏற்கெனவே பணம் கேட்டு ஏமாற்றிய கணக்கிலிருந்து “உங்க அளவை அனுப்புங்க” என்று மெசேஜ் போனால் யார் நம்புவார்கள்? இரண்டு பேர் பிளாக்கே செய்துவிட்டார்கள்.

ஒன்றைக் கவனிக்கும்படி கேட்கிறேன். சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவரின் போனில் எங்கள் உரையாடல் முதல் மெசேஜிலிருந்து முழுதாக இருக்கிறது. என் பக்கத்தில் மட்டும் இல்லை. அவர் சம்மதத்தோடு அந்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். ஆக, அந்த உரையாடலாவது உங்கள் சர்வரில் இன்னும் இருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 21-ஆம் தேதி கணக்குத் தரவின் நகலையும் கேட்டு இறக்கிப் பார்த்தேன். 19-க்குப் பிறகு வந்த மெசேஜ்கள் மட்டுமே அதில் இருக்கின்றன.

நான் கேட்பது: ஜூலை 12 இரவு 11 மணிக்கு என் உரையாடல் பெட்டி எப்படி இருந்ததோ அப்படித் திருப்பிக் கொடுங்கள். அது முடியாது என்றால், எதிர்ப்பக்கம் இன்னும் இருக்கும் உரையாடல்களையாவது என் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள், அல்லது கோப்பாக அனுப்புங்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நான் ஒவ்வொருவரையும் போனில் அழைத்து அளவு வாங்க ஆரம்பிக்க வேண்டும், நாள் போய்க்கொண்டே இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில், எஞ்சியிருக்கும் தரவு எதுவும் வழக்கமான சுத்திகரிப்பில் நிரந்தரமாக அழிந்துபோகாமல் நிறுத்தி வையுங்கள். இது எல்லாவற்றையும்விட அவசரம்.

என் பக்கத்தில் பாஸ்வேர்ட் மாற்றியாயிற்று, இரட்டைச் சரிபார்ப்பு போட்டாயிற்று, தெரியாத சாதனங்களை எல்லாம் வெளியேற்றியாயிற்று. மறுபடி வீடியோ கேட்டாலும் உடனே அனுப்புகிறேன்.

2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் உறுதிசெய்து, குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், இந்தக் கடிதத்தை உங்கள் குறைதீர் அலுவலருக்கும் அனுப்பியிருக்கிறேன். பதிலை இதே மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கணக்குக்குள் வரும் அறிவிப்பை இப்போதெல்லாம் திறக்கவே பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ம. தேன்மொழி

இணைப்பு: 1930 புகார் நகல், உள்நுழைவு எச்சரிக்கை மின்னஞ்சல், வாடிக்கையாளர் போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட், காணாமல் போன உரையாடல்களின் பெயர்ப் பட்டியல் (நினைவில் உள்ளவரை 43 பேர்)